மே மாத மூட்டையும் நவம்பர் மூட்டையும்

அடையாறு காந்தி நகரில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தானியக் கிடங்குகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை நடையில் சேர்ந்துகொள்வோம். ஒருநாள் பேச்சுவாக்கில், “கிடங்குல எவ்வளவு சார் இழப்பு ஆகும்?” என்று கேட்டேன். நின்றுவிட்டார்.

“தம்பி, நிறைய இழப்பு எழுதியிருக்கிற பதிவேட்டைப் பார்த்து நான் பயந்ததே இல்லை. ‘குறைவு இல்லை’ன்னு எழுதியிருக்கும் பாருங்க, அதைப் பார்த்தாத்தான் வயித்தைக் கலக்கும்.”

அன்று அவர் சொல்லத் தொடங்கிய கணக்கு முடிய நான்கைந்து காலைகள் ஆயின. கேட்டு முடித்தபோது, ரேஷன் அரிசி பற்றி நாம் போடும் சண்டைகளில் பாதி தவறான இடத்தில் நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

ஐம்பது கிலோ அரிசி மூட்டையில் ஐம்பது கிலோவும் அரிசி கிடையாது. ஈரப்பதம் 14 விழுக்காடு என்றால் அதில் ஏழு கிலோ தண்ணீர். மீதி 43 கிலோதான் மாவுச்சத்தும் மற்றதும். அந்த 43 கிலோ தானாக எங்கும் போகாது. தண்ணீர் போகும், வரும். வெளிக்காற்று வறண்டிருந்தால் அரிசி ஈரத்தை விடும். காற்று ஈரமாக இருந்தால் அரிசி அதை இழுத்துக்கொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊரில், ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றே நனைந்து கிடக்கும்போது, மூட்டை மெல்ல எடை கூடும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரக் கூரை கொதிக்கும்போது எடை இறங்கும். யாரும் ஒரு பிடி அரிசியைத் தொட வேண்டியதில்லை.

நெல்லின் ஈரப்பதம் பற்றி ஆண்டுதோறும் செய்தி படிக்கிறோம். கொள்முதலுக்கு 17 விழுக்காடுதான் வரம்பு. டெல்டாவில் மழை பெய்தால் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும். 2022 அக்டோபரில் 19 வரை ஒன்றிய அரசு தளர்த்தியது. நெல் அரிசியாகிச் சென்னைக் கிடங்குக்கு வந்துவிட்டால் அதே ஈரப்பதத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எடை மட்டும்தான் பேச்சு.

பெரியவர் தன் நோட்டின் பின்பக்கத்தில் எனக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே தருகிறேன். ஒரு சிறிய அட்டி, அதாவது கிடங்கில் ஒரே அடுக்காக ஏற்றிய மூட்டைகள், ஆயிரம் மூட்டை என்று வைத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் கிலோ. நவம்பரில் உள்ளே வரும்போது ஈரப்பதம் 14. உலர்ந்த சரக்கு மட்டும் 43,000 கிலோ. மே மாதம் கடைகளுக்கு அனுப்பும்போது ஈரப்பதம் 12.5 என்று மீட்டர் காட்டுகிறது. உலர்ந்த சரக்கு அதே 43,000தான். ஆனால் இப்போது அது மொத்த எடையில் 87.5 பங்கு. 43,000த்தை 0.875ஆல் வகுத்தால் 49,143 கிலோ வரும். ஆக 857 கிலோ காற்றில் போய்விட்டது. மூட்டைக்கு முக்கால் கிலோவுக்கும் மேல். இதில் திருட்டும் இல்லை, புழுவும் இல்லை.

தராசு என்ன சொன்னது? 48,960. மொத்தக் குறைவு 1,040 கிலோ, நூற்றுக்கு இரண்டுக்கும் சற்று மேல். இந்த எண்ணை மட்டும் பார்க்கும் தணிக்கையாளர் இருபது மூட்டை எங்கே என்று கேட்பார். ஈரத்தின் பங்கான 857ஐக் கழித்தால் மிஞ்சுவது 183 கிலோ. தரையில் கூட்டி அள்ளியது 110 கிலோ. அது தனி மூட்டையாகக் கண்ணெதிரே இருக்கிறது. சலித்தெடுத்த பூச்சித் தூள் 15 கிலோ. போக, காரணம் தெரியாதது 58 கிலோ. ஒரு மூட்டையும் கொஞ்சமும். கிடங்குக்காரர் பதில் சொல்ல வேண்டியது இந்த 58க்குத்தான், 1,040க்கு இல்லை.

“இப்ப இதையே தலைகீழா போடுங்க,” என்றார். மே மாதம் ஈரப்பதம் 12 இருக்கும்போது அதே ஆயிரம் மூட்டை உள்ளே வருகிறது. உலர்ந்த சரக்கு 44,000 கிலோ. மழையில் கிடந்து நவம்பரில் 13.5 ஆகிறது. 44,000த்தை 0.865ஆல் வகுத்தால் 50,867. எடை 867 கிலோ கூடியிருக்க வேண்டும். பதிவேட்டிலோ ‘வரவு ஐம்பதாயிரம், செலவு ஐம்பதாயிரம், குறைவு இல்லை’. கையெழுத்து, முத்திரை எல்லாம் சரி. பதினேழு மூட்டை வெளியே போயிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. வயிற்றைக் கலக்கும் என்று அவர் சொன்னது இதைத்தான்.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு, அதையும் அவரே சொன்னார். ஈரப்பதமானி அரைப் புள்ளி தப்பாகக் காட்டினால் ஐம்பது டன்னில் 285 கிலோ வித்தியாசம் வந்துவிடும். அப்படியானால் 58 கிலோவுக்காக யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது. தப்பு பெரும்பாலும் மீட்டரில் இல்லை, மாதிரி எடுப்பதில்தான். அடுக்கி நிற்கும் அட்டியில் குத்தூசி எட்டுவது வெளி வரிசை மூட்டைகளுக்கு மட்டும். அவைதான் சீக்கிரம் காய்பவை, சீக்கிரம் ஈரமாகுபவையும் அவைதான். நடு மூட்டை ஆறு மாதத்துக்கு முந்தைய வானிலையிலேயே இருக்கும். ஆகவே அட்டியைக் கலைத்து லாரியில் ஏற்றும்போது, இறங்கி வரும் மூட்டைகளில் மேலிருந்து சில, நடுவிலிருந்து சில, அடியிலிருந்து சில என்று குத்தி, கலந்து, அதன் பிறகு மீட்டரில் போட வேண்டும். வரும்போதும் லாரியில் இருந்து இறங்க இறங்க அப்படியே. இரண்டு முறையும் ஒரே மீட்டராக இருந்தால் நல்லது. மீட்டருக்கு ஒரு வழக்கமான கோணல் இருந்தாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி கோணும்.

சாக்கும் சும்மா இருப்பதில்லை. புதுச் சணல் சாக்கின் எடை 580 கிராம் என்று கழிக்கிறார்கள். அரிசியை விடச் சணல் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். மழைக்காலத்தில் சாக்கு ஒன்றுக்கு முப்பது நாற்பது கிராம் கூடினாலே ஆயிரம் சாக்குக்கு முப்பது நாற்பது கிலோ. காரணம் தெரியாத அந்த 58இல் பாதிக்கு மேல் சாக்கு குடித்த தண்ணீராகக்கூட இருக்கலாம்.

கையாளுவதில் போவது வேறு வகை. ஈரத்தால் வரும் குறைவு எல்லா மூட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். மூட்டையின் தையல் கலையாது, வயிறு தளராது. சுமைக்காரர் கொக்கி போட்டுத் தூக்கிய மூட்டையில் கொக்கி ஏறிய இடத்திலிருந்து அரிசி கசியும். ஒரு மூட்டை நாற்பத்தேழு, பக்கத்து மூட்டை ஐம்பது என்று தாறுமாறாக இருக்கும். கீழே சிந்தியதும் கண்ணில் படும். சிந்தியதைக் கூட்டி, சலித்து, எடை போட்டு, இந்தத் தேதியில் இந்த அட்டியிலிருந்து இத்தனை கிலோ என்று எழுதுகிற கிடங்கில் இந்த இழப்பு பெரிதாவதே இல்லை. எழுதாத கிடங்கில் கூட்டி அள்ளியது மூலையில் கோணிப்பையில் மாதக்கணக்கில் கிடக்கும்; பூச்சி முதலில் பெருகுவதும் அங்கேதான். மூன்றாவது ஒன்றும் உண்டு. ஓர் அட்டியில் கதவோரத்து இரண்டு வரிசை மட்டும் மூட்டைக்கு இரண்டு கிலோ குறைந்து, மற்றவை சரியாக இருந்தால் காரணத்தை வானத்தில் தேட வேண்டாம். தையல் நூலின் நிறத்தைப் பார்த்தால் போதும் என்பார் பெரியவர். ஆலையில் இயந்திரம் போட்ட தையலும் கையால் திரும்பப் போட்ட தையலும் வேறு.

பூச்சி விஷயத்தில்தான் கண் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. வண்டு ஓடும் அரிசியைப் பார்த்ததும் பாதி மூட்டை போய்விட்டது என்று நினைப்போம். ஆயிரம் மணி எண்ணி எடுங்கள். ஓட்டை விழுந்தவை நாற்பது என்று வையுங்கள். பார்க்க அருவருப்பாக இருக்கும். நல்ல மணியின் சராசரி எடை 20 மில்லிகிராம், ஓட்டை மணி 15 என்றால், அந்த நாற்பதிலும் போனது கால் பங்கு. மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று. எண்ணி எடை பார்க்கும் இந்த முறைக்கு ஒரு சின்னத் தராசும் அரை மணி நேரமும் போதும். கோணி எடையால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பூச்சி மூச்சு விடும்போது ஈரத்தையும் வெப்பத்தையும் கக்குகிறது. தின்றதில் ஒரு பகுதி மூட்டைக்கு உள்ளேயே தண்ணீராகவும் தூளாகவும் தங்கிவிடுகிறது. தராசு சமாதானமாக இருக்கும், அரிசி கெட்டுக்கொண்டிருக்கும்.

அதனால்தான் பழைய கிடங்குக்காரர்கள் கையை நம்பினார்கள். இரண்டு மூட்டைகளுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டு, சூடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அங்கே பூச்சி குடியிருக்கிறது, இல்லாவிட்டால் ஈரம் கட்டியிருக்கிறது. மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள்; டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். மூக்கு வண்டு தன் முட்டையை அரிசி மணிக்கு உள்ளேயே வைத்து மூடிவிடும். புழுப் பருவம் முழுவதும் உள்ளேதான் கழியும். நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஓட்டை போட்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். இன்றைக்கு வண்டு தெரிந்தால் சிக்கல் போன மாதத்தது என்று பொருள். மாறாக, அரிசி மணிகள் நூலாம்படை பிடித்துக் கட்டி கட்டியாக வந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. சிவப்பு மாவு வண்டு முழு மணியை அதிகம் தொடாது. குருணையும் தூளும் எங்கே இருக்கிறதோ அங்கே சேரும். எது வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து எங்கே தவறு நடந்தது என்று சொல்லிவிடலாம். மாவு வண்டு பெருகிய கிடங்கில் துடைப்பம் ஒழுங்காக ஓடவில்லை.

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே துளையிட்ட குழாய்ப் பொறி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றுள்ள இடம் தேடி நகரும் வண்டு துளை வழியே நுழைந்து அடியில் உள்ள கூம்புக்குள் விழும். மேலே ஏற முடியாது. கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே எண்ணிக்கை கிடைத்துவிடும். மின்சாரம்கூட வேண்டாம்.

பூச்சி பெருகிவிட்டால் மருந்துப் புகைதான். அட்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடி, ஓரமெல்லாம் மணல் பைகளை வைத்து அழுத்தி, டன்னுக்கு மூன்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை என்று வைப்பது வழக்கம். நம் ஆயிரம் மூட்டை அட்டிக்கு 150 மாத்திரை. ஐந்து முதல் ஏழு நாள் திறக்கக் கூடாது. ஆள் உயிரைக் குடிக்கும் வாயு. பயிற்சி பெற்றவர் தவிர யாரும் கிட்டப் போகக் கூடாது, குடியிருப்புக்கு நடுவே உள்ள ரேஷன் கடையில் நினைத்தே பார்க்கக் கூடாது. இங்கே பதிவேடு பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தேதியில் மூடினீர்கள் என்பதோடு எந்தத் தேதியில் திறந்தீர்கள் என்பதும். லாரி வந்துவிட்டது என்று மூன்றாம் நாளே உறையைப் பிரித்தால் ஓடும் வண்டு செத்திருக்கும், மணிக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பியிருக்கும். சில வாரத்தில் அதே அட்டியில் மறுபடி வண்டு. பிழைத்தவை அந்த மருந்துக்குப் பழகிய குஞ்சுகளையும் பெறும். மருந்து சரியில்லை என்று பதிவேட்டில் எழுதுவார்கள். பிரித்த தேதியை எழுதியிருக்க மாட்டார்கள்.

லூதியானாவில் உள்ள அறுவடைப் பின்சார் பொறியியல், தொழில்நுட்ப மத்திய நிறுவனம் 2015இல் வெளியிட்ட ஆய்வு, நெல்லில் அறுவடை முதல் ஏற்படும் மொத்த இழப்பு 5.53 விழுக்காடு என்றது. அதில் சேமிப்பின் பங்கு 0.86. ஒரு விழுக்காடுகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் இது நாடு தழுவிய சராசரி. ஒரு கிடங்கில், ஓர் அட்டியில், ஒரு மழைக்காலத்தில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. சொல்ல வேண்டியது அட்டியின் தலையில் தொங்கும் அட்டைதான். எந்த ஆலையிலிருந்து எந்தத் தேதியில் வந்தது, எத்தனை மூட்டை, என்ன எடை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்த்ததில் என்ன தெரிந்தது, எப்போது மருந்தடித்தது எல்லாம் அதில் இருக்கும். வரும்போது ஈரப்பதமும் பல இடங்களில் குறிப்பார்கள். போகும்போது இருந்த ஈரப்பதத்துக்கான கட்டம்தான் வழக்கமாக வெறுமையாக இருக்கும். கணக்குக்கு இரண்டு முனை வேண்டும். நம்மிடம் ஒரு முனை மட்டும் இருக்கிறது.

இது சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பெரியவர் சிரித்தார். அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் குறைந்தால் பொறுப்பாளரின் சம்பளத்தில் பிடிப்பார்கள். எடை கூடியது என்று எழுதினாலோ, வரவில் ஏதோ மறைத்திருக்கிறாய் என்று விளக்கம் கேட்பார்கள். உண்மையை எழுதினால் இரண்டு பக்கமும் அடி. அப்படியொரு வேலையில் இருப்பவர் என்ன செய்வார்? குறைகிற மாதத்துக்கு முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைப்பார். கூடுகிற மாதத்தில் கூடியதைச் சொல்ல மாட்டார். கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ கூட வைக்கச் சொல்கிறார்கள் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லும் குறையும், கடைக்கு வரும் மூட்டை எடை குறைகிறது என்று நியாயவிலைக் கடைப் பணியாளர்கள் சொல்லும் குறையும் ஒரே கயிற்றின் இரு நுனிகள். எழுத வழியில்லாத இழப்பை, எழுத்தில் வராத ஆட்கள் சுமக்கிறார்கள். 2011 ஜூன் 1 முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. காசு கொடுக்காமல் வாங்கும் பொருளில் இருநூறு கிராம் குறைந்தால் வாய்விட்டுக் கேட்க மயிலாப்பூர் மாமிக்கும் கூச்சம், அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் இருப்பவருக்கும் கூச்சம். சங்கிலியின் கடைசிக் கண்ணி அங்கே வந்து முடிகிறது.

திருடுபவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. திருட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் தண்ணீரைக் கணக்கிலிருந்து பிரித்தெடுங்கள் என்கிறேன். இப்போது திருட்டுக்கு இருக்கும் மிகப் பெரிய மறைப்பு ‘இயற்கை இழப்பு’ என்ற பொதுச்சொல். நூற்றுக்கு இத்தனை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று நிலையான வரம்பு வைத்தால், மாதாமாதம் சரியாக அந்த வரம்பில் வந்து நிற்கும் பதிவேடுகள்தான் கிடைக்கும். வானிலை அப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. வரம்பை எடுத்துவிட்டு, வந்த ஈரப்பதம், போன ஈரப்பதம், அதற்கான எடை மாற்றம், கூட்டி அள்ளியது, பூச்சித் தூள், மிச்சம் என்று கட்டங்களைத் தனித்தனியே போட வேண்டும். கூடுதலை எழுதினால் தண்டனை இல்லை என்று உத்தரவு வர வேண்டும். சம்பளப் பிடித்தம் அந்த ‘மிச்சம்’ கட்டத்துக்கு மட்டும், அதுவும் மீட்டரின் பிழையளவைத் தாண்டினால் மட்டும். புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. நெல்லுக்குக் காட்டும் மீட்டரை அரிசிக்கும் இன்னொரு முறை காட்டச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன மாதம் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு ரேஷன் கடையில் நின்றிருந்தேன். விற்பனையாளர் பெண் வரும் ஒவ்வொரு மூட்டையையும் தன் தராசில் வைத்துப் பார்த்து, தன் சொந்தச் செலவில் வாங்கிய நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கிறார். அலுவலகம் கேட்டதில்லை, மூன்று வருடமாகத் தனக்காக எழுதுகிறார். புரட்டிக் காட்டினார். மே, ஜூன் பக்கங்களில் 49.1, 49.2, 49.0. நவம்பர் பக்கங்களில் 50, 50, 50.1, 50.

“வெயில் காலத்துல அனுப்பறவங்கதான் சார் மோசம். மழைக்காலத்துல பாருங்க, எவ்வளவு கரெக்டா வருது,” என்றார்.

ஈரத்தின் கணக்கை, பெரியவர் எனக்குச் சொன்ன மாதிரியே, அந்தப் பெண்ணின் நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். முதலில் மே மாதத்துக்கு. தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு நவம்பருக்குப் போட்டேன். 867ஐ எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் கணக்கைப் பார்க்கவில்லை. தன் நவம்பர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ சார்,” என்றார், “இந்த ஐம்பது, ஐம்பது, ஐம்பதுன்னு வந்ததெல்லாம்?”